ட்ரயக் டிம்மர்: தூண்டு கோணம் மின்குமிழின் வலுவை எவ்வாறு ஆள்கிறது

உப்புவெளிக் கடற்கரையில் விருந்தினர் விடுதி நடத்தும் அண்ணர் ஒருவர், மார்கழி மாத மழைநாள் ஒன்றில், சுவரில் பூட்டும் டிம்மர் ஒன்றைத் திருகோணமலை நகரில் உள்ள என் பணிமேசைக்குக் கொண்டுவந்தார். "கச்சான் காலத்தில் ஒரு பிழையும் இல்லைத் தம்பி. வாடை தொடங்கினால் மாத்திரம், எவ்வளவு குறைத்துத் திருப்பினாலும் விளக்கு முழுதாக அணையாது; சிவந்தபடி நிற்கும்" என்றார். டிம்மரை மாற்றிவிடலாம் என்று சொல்லி அனுப்புவது எளிது. ஆனால் பருவகாலம் பார்த்து வரும் இந்தப் பழுதைப் புரிந்துகொள்வதற்கு, டிம்மருக்குள் ஆளியாக வேலை செய்யும் ட்ரயக் எப்போது தூண்டப்படுகிறது, அந்தக் கணம் ஏன் விளக்கின் வலுவைத் தீர்மானிக்கிறது என்ற இரண்டையும் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வரிசையிலேயே இந்த வழிகாட்டியையும் எழுதுகிறேன். எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஒன்றுதான்: 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தில் எரியும் 100 வாற்று இழைக் குமிழும், அதனோடு தொடராக இணைந்த ஒரு சாதாரண ட்ரயக் டிம்மரும்.

முதலாம் படி: பூட்டிக்கொள்ளும் ஆளி

ட்ரயக்கைப் புரிந்துகொள்ள அதன் மூத்த வடிவமான தைரிஸ்ரரில் தொடங்குவோம். தைரிஸ்ரர் என்பது நான்கு குறைகடத்திப் படைகளைக் கொண்ட ஒரு சாதனம். அதை ஒன்றையொன்று ஊட்டிவிடும் இரண்டு திரான்சிஸ்ரர்களாகக் கற்பனை செய்துகொண்டால் அதன் குணம் விளங்கிவிடும். ஒன்றின் வெளியீட்டு மின்னோட்டம் மற்றதன் உள்ளீடாகிறது. மற்றதன் வெளியீடு திரும்பி முதலாவதற்கு உள்ளீடாகிறது. கேற் எனப்படும் தூண்டு முனையில் ஒரு சிறு மின்னோட்டத்தைச் செலுத்தியவுடன் இந்தச் சுழற்சி தொடங்கி, சில மைக்ரோசெக்கன்களுக்குள் இரண்டும் முழுதாகத் திறந்து, மின்னோட்டத்தைக் கடத்தத் தொடங்கிவிடுகின்றன. அதன் பின்னர் கேற் மின்னோட்டத்தை எடுத்துவிட்டாலும் எதுவும் மாறாது, ஏனெனில் திறந்தே இருப்பதற்குத் தேவையான மின்னோட்டத்தை அவை தமக்குள்ளேயே கொடுத்துக்கொள்கின்றன. தைரிஸ்ரரை மூடி மின்னோட்டத்தை நிறுத்துவதற்கு உள்ள வழி ஒன்றே: அதனூடாகச் செல்லும் பிரதான மின்னோட்டம், தாங்கு மின்னோட்டம் எனப்படும் ஒரு சிறு அளவுக்குக் கீழே விழவேண்டும். சிறிய சாதனங்களில் அது சில மில்லிஅம்பியர் தொடக்கம் சில பத்து மில்லிஅம்பியர் வரை இருக்கும்.

நேரோட்டச் சுற்றில் இந்தக் குணம் பெருந்தொல்லை, ஏனென்றால் ஒருமுறை திறந்தால் மூடுவதற்குத் தனியே ஓர் ஏற்பாடு செய்யவேண்டும். ஆடலோட்டத்தில் அதுவே வசதியாகிவிடுகிறது. நமது மின்சாரத்தில் அழுத்தம் ஒவ்வொரு 10 மில்லிசெக்கனுக்கும் ஒருமுறை பூச்சியத்தைக் கடக்கிறது. இழைக் குமிழில் மின்னோட்டமும் அழுத்தத்தோடு சேர்ந்தே பூச்சியமாவதால், செக்கனுக்கு 100 தடவை ஆளி தானாகவே மூடிக்கொள்கிறது. ஆகவே மூடும் கணம் நமது கையில் இல்லை, இருக்கவும் தேவையில்லை. திறக்கும் கணம் மட்டுமே நமது கையில் உள்ளது, டிம்மரின் முழு வேலையும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

1957 இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் உருவாக்கிய தைரிஸ்ரர் ஒரு திசையில் மட்டுமே கடத்துவது. அதை மாத்திரம் வைத்து விளக்கை மங்கச் செய்தால் அலையின் ஒரு பாதி முற்றாக வீணாகும். இரண்டு தைரிஸ்ரர்களை எதிரெதிராகப் பொருத்தி இந்தக் குறையைத் தீர்க்கலாம். அதே வேலையை ஒரே படிகத்தில், ஒரே கேற் முனையுடன் செய்வதே ட்ரயக். வீட்டு டிம்மர்களில் காணப்படும் BT136 என்ற ட்ரயக்கில் T1, T2, கேற் என மூன்று கால்கள் உள்ளன. எழுத்துப் பொறித்த முகத்தை நம்மை நோக்கிப் பிடித்தால் இடமிருந்து அதே வரிசையில் வரும். அதன் உலோக முதுகு T2 உடன் உள்ளே இணைந்துள்ளது. எனவே அந்த முதுகைத் தொடுவது லைன் கம்பியைத் தொடுவதற்குச் சமம். இதைத் தொடக்கத்திலேயே எழுதுகிறேன், ஏனெனில் வெப்பம் எவ்வளவு என்று விரல் வைத்துப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு.

இரண்டாம் படி: தூண்டு கோணத்தை வலுவாக மாற்றுதல்

ஒரு அரை அலையின் 10 மில்லிசெக்கனை 180 பாகையாகக் கருதுவோம். அழுத்தம் பூச்சியத்தில் இருந்து கிளம்பிய கணத்துக்கும் ட்ரயக் திறக்கும் கணத்துக்கும் இடையிலான பாகைகளையே தூண்டு கோணம் என்கிறோம். பணிமனைகளில் ஃபயரிங் அங்கிள் என்று சொல்லப்படுவதும் இதுவே. கோணம் 90 பாகை என்றால் ட்ரயக் 5 மில்லிசெக்கன் காத்திருந்து, அலையின் உச்சியில், அதாவது 325 வோல்ற்றில் திறக்கிறது. மீதி 5 மில்லிசெக்கனுக்குக் குமிழ் எரிகிறது.

நேரத்தில் பாதி, ஆகவே வலுவிலும் பாதி என்று இந்தக் கோணத்துக்கு மட்டும் சொல்லலாம். மற்றக் கோணங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு தடையில் கணத்துக்குக் கணம் செலவாகும் வலு அழுத்தத்தின் வர்க்கத்துக்கு விகிதசமம். அலையின் தொடக்கத்திலும் முடிவிலும் அழுத்தம் சிறியது, அதன் வர்க்கம் மிகமிகச் சிறியது. உச்சியை ஒட்டிய பகுதியிலேயே சக்தி குவிந்து கிடக்கிறது. வர்க்கத்தின் கீழுள்ள பரப்பைத் தூண்டு கோணத்தில் இருந்து 180 பாகை வரை கூட்டினால் இந்தச் சூத்திரம் கிடைக்கும்:

```
P / P0 = 1 − α/π + sin(2α) / (2π)
```

இங்கே P0 என்பது டிம்மர் இல்லாதபோது குமிழ் எடுக்கும் முழு வலு. α என்பது தூண்டு கோணம்; அது ரேடியனில் இடப்படவேண்டும். 30 பாகைக்கு இது 97 வீதத்தைத் தருகிறது. நேரத்தில் ஆறிலொரு பங்கை வெட்டி எறிந்தும் வலுவில் 3 வீதமே குறைகிறது. 60 பாகையில் 80 வீதம், 90 இல் 50, 120 இல் 20, 150 இல் வெறும் 3. இதில் 60 இலிருந்து 120 வரையான நடுப்பகுதியைக் கவனியுங்கள். நேரத்தில் அது மூன்றிலொரு பங்கு. சக்தியில் ஏறக்குறைய 61 வீதம் அதற்குள்தான் இருக்கிறது. டிம்மரின் கைப்பிடி நடுவில் கூர்மையாகவும் இரு நுனிகளிலும் மந்தமாகவும் வேலை செய்வதுபோலத் தோன்றுவதற்கு இதுவே முதற்காரணம்.

விளக்கோடு தொடராக ஒரு பெருந்தடையியை வைத்தும் வலுவைக் குறைக்கலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. குறைக்கலாம். 100 வாற்றுக் குமிழின் சூடான தடை 529 ஓம். அந்தத் தடை மாறாதென்று கொண்டு அதன் வலுவை 50 வாற்றாக்குவதற்கு ஏறத்தாழ 219 ஓம் தடையியைத் தொடரில் இடவேண்டும். அந்தத் தடையியில் மட்டும் 20 வாற்றுக்கு மேல் வெப்பமாகப் போகும். ட்ரயக் மூடியிருக்கும்போது அதனூடாக மின்னோட்டம் இல்லை. திறந்திருக்கும்போது அதன் குறுக்கே ஏறத்தாழ ஒரு வோல்ற்று மட்டுமே நிற்கும். ஆகவே அதில் வீணாவது அரை வாற்றுக்கும் கீழே. வலுவை எரித்துக் குறைக்காமல், எடுக்காமலே விட்டுக் குறைப்பதே இதன் உத்தி.

சூத்திரம் தடை மாறாதென்று எடுத்துக்கொள்கிறது, இழைக் குமிழோ அப்படி நடப்பதில்லை. இழை குளிரும்போது அதன் தடை இறங்குவதால், 90 பாகையில் 100 வாற்றுக் குமிழ் உண்மையில் 50 ஐ விடச் சில வாற்றுகள் கூடுதலாக எடுக்கும். வெளிச்சம் எதிர்த்திசையில் போகிறது. இழையின் ஒளி வெப்பநிலையோடு மிக வேகமாக விழுவதால், அதே 90 பாகையில் கிடைக்கும் வெளிச்சம் முழு வெளிச்சத்தின் மூன்றிலொரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும்.

மூன்றாம் படி: கோணத்தைத் தீர்மானிக்கும் இரண்டு பாகங்கள்

சுற்று மிகச் சிறியது. ட்ரயக் குமிழோடு தொடரில் நிற்கிறது. ட்ரயக்கின் T2 முனையில் இருந்து ஒரு மாறுந் தடையியும் சிறிய நிலைத்த தடையியும் தொடராகச் சென்று ஒரு கொள்ளளவியை அடைகின்றன. கொள்ளளவியின் மறுமுனை T1 இல் இணைகிறது. தடையியும் கொள்ளளவியும் சந்திக்கும் புள்ளியில் இருந்து டயக் ஒன்று கேற்றுக்குச் செல்கிறது.

ட்ரயக் மூடியிருக்கும்போது மின்சார அழுத்தம் முழுவதும் அதன் குறுக்கே நிற்கும். அந்த அழுத்தத்தால் கொள்ளளவி தடையியினூடாக மெல்ல மெல்ல ஏற்றம் பெறுகிறது. DB3 என்ற டயக் ஏறக்குறைய 32 வோல்ற்று வரை எதையும் கடத்தாது. அந்த அளவைத் தொட்டதும் திடீரெனச் சரிந்து, கொள்ளளவியில் சேர்ந்திருந்த ஏற்றத்தில் ஒரு பகுதியை ஒரே துடிப்பாகக் கேற்றில் கொட்டுகிறது. கேற்றுக்குத் தயக்கமில்லாத, உறுதியான தூண்டல் கிடைப்பது இந்தத் திடீர்ச் சரிவினால்தான். டயக்கை நீக்கிவிட்டுத் தடையியை நேரே கேற்றில் பொருத்தினாலும் விளக்கு எரியும், ஆனால் ஒவ்வொரு ட்ரயக்கும், அதன் வெப்பநிலையும் கேட்கும் மின்னோட்டம் வேறுவேறானதால் கோணம் நிலையாக நிற்காது. டயக் இரு திசையிலும் ஒரேமாதிரி உடைவதால், நேர் அரையலையிலும் மறை அரையலையிலும் கோணம் சமமாகவும் அமைகிறது.

இனிக் கணக்கு. கொள்ளளவி 100 நனோ பரட், மாறுந் தடையி 470 கிலோ ஓம், நிலைத்த தடையி 4.7 கிலோ ஓம். கொள்ளளவியின் அழுத்தம் 325 வோல்ற்றோடு ஒப்பிடச் சிறியது என்பதால், அதை ஏற்றும் மின்னோட்டம் அலையின் அழுத்தத்தைத் தடையால் பிரித்த அளவு என்று கொள்ளலாம். மிகச்சிறிய தடைகளுக்கு இது பிழைக்கும். நமக்குத் தேவையான நடுப்பகுதிக்குப் போதுமானது. மொத்தத் தடையை R என்றும் கொள்ளளவத்தை C என்றும் எழுதினால் தூண்டு கோணம் இவ்வாறு வரும்:

```
1 − cos α = (32 + V0) × ωRC / 325
ω = 314
```

V0 என்பது ஒவ்வொரு அரையலையின் தொடக்கத்திலும் கொள்ளளவியில் முந்திய அரையலையில் இருந்து எஞ்சியிருக்கும் எதிர்த்திசை அழுத்தம். டயக் கொள்ளளவியை முற்றாகக் காலி செய்வதில்லை என்பதால் இது பூச்சியமல்ல. இந்த உதாரணத்துக்கு அதை 20 வோல்ற்று என்று எடுத்துக்கொள்வோம்; டயக்குக்கு டயக் இது சற்று மாறும்.

மொத்தத் தடை 100 கிலோ ஓம் என்றால் ωRC 3.14 ஆகும், வலப்பக்கம் ஏறத்தாழ 0.5; ஆகவே கோணம் 60 பாகை. 200 கிலோ ஓமுக்கு வலப்பக்கம் 1. கோணம் 90 பாகை. 300 க்கு 120 பாகை. முன்னைய படியில் கண்ட வலுக்களை இவற்றோடு சேர்த்துப் பார்த்தால் 80, 50, 20 வீதம் என்று ஒரே சீராக இறங்குவது தெரியும். சாதாரண நேர்கோட்டு மாறுந் தடையியே இந்த வேலைக்குப் போதும் என்பதை எனக்கு விளக்கியது இந்தக் கணக்குத்தான். 400 கிலோ ஓமில் வலப்பக்கம் 2 ஆகி, கோணம் 180 பாகையை எட்டுகிறது. அதற்கு மேல் கொள்ளளவி அந்த அரையலைக்குள் 32 வோல்ற்றை அடைவதே இல்லை, விளக்கு அணைந்துவிடும். கைப்பிடியின் கடைசி 70 கிலோ ஓமுக்குச் சற்று மேலான பகுதி அணைந்த நிலைக்கென்று விடப்பட்ட இடம்.

மறு நுனியில், மாறுந் தடையி பூச்சியமாகும்போது நிலைத்த 4.7 கிலோ ஓம் மட்டும் எஞ்சும். அப்போது கோணம் 15 பாகையை ஒட்டி நிற்கும், வலு 99 வீதத்தைத் தாண்டும். அந்தச் சிறு தடையியை மிச்சம் பிடிக்க நினைத்து விட்டுவிட்டால், மாறுந் தடையியின் நுனியில் டயக்கும் கேற்றும் நேரடியாக லைனை எதிர்கொள்ள நேரிடும்.

திடீரென விழித்துக்கொள்ளும் விளக்கு

இந்த எளிய சுற்றுக்கு ஒரு பெயர்பெற்ற குறை உண்டு. அணைந்த நிலையில் இருந்து கைப்பிடியைக் கூட்டிக்கொண்டு போகும்போது நீண்டதூரம் ஒன்றும் நடக்காது. பிறகு விளக்கு திடீரென்று ஓரளவு வெளிச்சத்துடன் பற்றிக்கொள்ளும். அதற்குப் பின் கைப்பிடியைத் திருப்பிக் குறைத்தால், முன்பு இருட்டாக இருந்த அதே இடத்தில் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். பலர் இதைக் கைப்பிடியின் பழுது என்று நினைத்து மாறுந் தடையியை மாற்றிவிட்டுத் திரும்பவும் அதே நடத்தையைக் காண்பார்கள்.

காரணம் V0 இல் இருக்கிறது. டயக் ஒருமுறையும் உடையாதவரை கொள்ளளவி தன் ஏற்றத்தை இழப்பதில்லை. முந்திய அரையலையில் சேர்ந்த முழு அழுத்தத்தோடு அடுத்த அரையலைக்குள் நுழைகிறது. அந்த நிலையில் கொள்ளளவியின் உச்ச அழுத்தம் 325 ஐ ωRC ஆல் பிரித்த அளவை ஒட்டியது. அது 32 வோல்ற்றைத் தொடுவதற்குத் தடை ஏறத்தாழ 320 கிலோ ஓமுக்கு இறங்கவேண்டும். அங்கே டயக் முதன்முறையாக உடைகிறது. உடைந்தவுடன் கொள்ளளவியில் 20 வோல்ற்றே எஞ்சுவதால், அடுத்த அரையலை இலகுவாகத் தொடங்கி, கோணம் ஒரேயடியாக 128 பாகையை ஒட்டிய இடத்துக்குத் தாவுகிறது. சூத்திரப்படி அது 14 வீத வலு. இருட்டிலிருந்து நேரே 14 வாற்றுக்கு விளக்குத் தாவியது இவ்வாறுதான். இப்போது தடையை 400 கிலோ ஓம் வரை கூட்டினாலும் அது அணையாது.

விலை கூடிய டிம்மர்களில் இதைத் தவிர்க்க இன்னொரு தடையியும் இன்னொரு கொள்ளளவியும் சேர்த்து இரண்டு படிகளாக்குவார்கள். முதற் கொள்ளளவி ஒரு சேமிப்பாக நின்று, டயக்கோடு இணைந்த இரண்டாவது கொள்ளளவி இழந்த ஏற்றத்தை மீள நிரப்பிவிடுவதால், உடைவதற்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் குறைந்துவிடுகிறது.

நான்காம் படி: அளந்து பார்த்தல்

பலகையைத் தொடும் முன் மின்சாரத்தை நிறுத்தவேண்டும். வேலை செய்யும் இணைப்பு ட்ரிப் சுவிட்சினூடாக வரவேண்டும். மாறுந் தடையியின் தண்டு பிளாஸ்டிக்காக இருக்கவேண்டும். இந்தச் சுற்றில் மின்சாரத்திலிருந்து பிரிக்கப்பட்ட பகுதி என்று எதுவுமில்லை. கேற் கூட லைன் அழுத்தத்தில்தான் நிற்கிறது. ட்ரிப் சுவிட்ச் எர்த்துக்குப் போகும் மின்னோட்டத்தை மட்டுமே பிடிக்கும், லைனையும் நியூற்றலையும் இரு கைகளாலும் தொட்டவரைக் காப்பாற்றாது.

குமிழின் குறுக்கே மல்ரிமீற்றரை வைத்து அளப்பதில் ஒரு பொறி உண்டு. கைப்பிடியைச் சரியாக 90 பாகையில் வைத்து அளந்தபோது எனது மலிவான மீற்றர் 115 வோல்ற்றைக் காட்டியது. நண்பரின் மீற்றர் 163 ஐக் காட்டியது. இரண்டும் பழுதில்லை. மலிவான மீற்றர் அலையின் சராசரியை அளந்து, அது ஒழுங்கான சைன் அலை என்று நம்பி 1.11 ஆல் பெருக்கிக் காட்டுகிறது. வெட்டப்பட்ட அலையில் சராசரி பாதியாவதால் 230 இன் பாதியைக் காட்டிவிடுகிறது. வலுவைத் தீர்மானிப்பது வர்க்கங்களின் சராசரியின் வர்க்கமூலம். அதை உண்மையாகவே கணிக்கும் மீற்றர் 230 ஐ 1.414 ஆல் பிரித்த 163 ஐத் தருகிறது. 115 ஐ நம்பி வலுவைக் கணித்தால் 25 வாற்று வரும். டிம்மர் தவறாக வேலை செய்கிறது என்ற முடிவுக்கு வந்து, நல்ல பாகங்களைக் கழற்றி ஒரு மாலைப்பொழுதை நான் வீணாக்கியிருக்கிறேன்.

பழுதுகளும் அவற்றின் முகங்களும்

கைப்பிடியை எங்கே வைத்தாலும் விளக்கு முழுதாக எரிந்தால், மின்சாரத்தை நிறுத்தி, குமிழைக் கழற்றி, T1 க்கும் T2 க்கும் இடையே தடையை அளக்கவும். சில ஓம் மட்டும் காட்டினால் ட்ரயக் குறுக்கிணைந்து செத்துவிட்டது. இதற்கு வழக்கமான காரணம் குமிழே. இழை அறும் கணத்தில் குமிழுக்குள் ஒரு மின்வில் எழுந்து, பல பத்து அம்பியர் ஒரு கணத்துக்குப் பாயலாம். 4 அம்பியருக்குச் செய்த BT136 அதைத் தாங்கமுடியாமல் போவதுண்டு. குமிழ் போனது, புதுக்குமிழ் போட்டதும் டிம்மர் வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் நடந்தது இதுதான். மாற்றும்போது 16 அம்பியர் BT139 ஐப் போடுவது என் வழக்கம்.

ட்ரயக் நன்றாக இருந்தும் எப்போதும் முழு வெளிச்சமே என்றால், யாரோ T1 ஐயும் T2 ஐயும் இடம் மாற்றி ஒட்டியிருக்கிறார்களா என்று பார்க்கவும். அப்போது கேற், அலை 32 வோல்ற்றைத் தொட்டவுடனேயே டயக்கினூடாகத் தூண்டப்பட்டுவிடும். கைப்பிடிக்குச் சொல்ல ஒன்றுமிருக்காது.

விளக்கு கண்ணுக்குத் தெரியும்படி நடுங்கினால், ஒரு பக்க அரையலை மட்டும் தூண்டப்படுகிறது என்று ஊகிக்கலாம். செக்கனுக்கு 100 தடவை நிகழும் துடிப்பைக் கண் உணராது. 50 ஆகக் குறையும்போது உணரத் தொடங்கும். டயக்கை மாற்றிப் பார்ப்பது முதல் வேலை. வீட்டில் மத்திய அலை வானொலி இரைந்தால் அது பழுதல்ல. ட்ரயக் உச்ச அழுத்தத்தில் ஒரு கணத்தில் திறப்பதால் எழும் இரைச்சல் அது. இரைச்சலைத் தடுக்கும் சோக் இல்லாத மலிவுப் பலகை என்பதே அதன் பொருள். 90 பாகையை ஒட்டி இரைச்சல் உச்சமாகி, இருபுறமும் குறையும்.

மின்விசிறியையும் சாதாரண எல்.ஈ.டி குமிழையும் இந்த டிம்மரில் போடவேண்டாம். விசிறியில் மின்னோட்டம் அழுத்தத்துக்குப் பிந்துவதால் ட்ரயக் மூடும் கணத்தில் அதன் குறுக்கே அழுத்தம் திடீரெனத் தாவி, கேட்காமலே மீண்டும் திறக்க வைக்கும். எல்.ஈ.டி குமிழ் எடுக்கும் மின்னோட்டமோ தாங்கு மின்னோட்டத்துக்கும் போதாது.

உப்புவெளி டிம்மர்

இனி அந்த அண்ணரின் டிம்மருக்கு வருவோம். மழை ஈரம் காய்வதற்கு முன்பே மேசையில் வைத்து, மின்சாரமில்லாத நிலையில், கைப்பிடியை மிகக்குறைந்த வெளிச்சத்துக்குத் திருப்பி, மாறுந் தடையியும் நிலைத்த தடையியும் சேர்ந்த தொடரின் இரு நுனிகளுக்கிடையே அளந்தேன். 475 கிலோ ஓம் இருக்கவேண்டிய இடத்தில் 320 தான் இருந்தது, அதுவும் மீற்றரில் நிலைக்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மாறுந் தடையியைக் கழற்றித் தனியே அளந்தால் அதில் குறை ஒன்றுமில்லை. அப்படியானால் ஏறத்தாழ ஒரு மெகா ஓம் தடை பலகையின் மேற்பரப்பிலேயே எங்கோ சமாந்தரமாகக் குந்தியிருக்கவேண்டும்.

பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தபோது, மாறுந் தடையியின் ஒட்டுக்களைச் சுற்றி வெண்மையான மெல்லிய படலம் ஒன்று தெரிந்தது. கடற்காற்றில் வந்து படிந்த உப்பு. கச்சான் காலத்தில் அது காய்ந்த தூசு போலக் கிடக்கும், மின்னைக் கடத்தாது. வாடைக் காலத்தின் ஈரக்காற்றில் உப்பு நீரை இழுத்துக் கரைந்து கடத்தியாகிவிடுகிறது. வேறொரு சுற்றில் ஒரு மெகா ஓம் கசிவு யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். இங்கே தூண்டு கோணமே நூற்றுக்கணக்கான கிலோ ஓமை நம்பி நிற்பதால், 475 ஐ 320 ஆக்கிய கசிவு, அணைந்திருக்கவேண்டிய விளக்கை 128 பாகையில், 14 வீத வலுவில் எரியவைத்தது. வெளிச்சத்திலிருந்து குறைத்துக்கொண்டு வருபவருக்கு அந்தத் தடையில் விளக்கு அணையாது என்பதை மேலே கண்டோம். 14 வாற்றில் 100 வாற்றுக் குமிழ் அறையை ஒளியூட்டாது, இழை சிவந்து நிற்பது மட்டும் தெரியும். அவர் சொன்னதும் அதைத்தான்.

பலகையைக் காய்ச்சி வடித்த நீரில் மென்மையான தூரிகையால் கழுவினேன், ஏனெனில் உப்பைக் கரைப்பது நீரே. வெறும் அற்ககோல் அதை நன்றாகக் கரைக்காது. பின்னர் அற்ககோலால் நீரை அகற்றி, ஒரு பகல் முழுவதும் உலரவிட்டேன். மறுநாள் அதே இரு புள்ளிகளில் 474 கிலோ ஓம் அசையாமல் நின்றது. ஒட்டுப் பக்கத்தில் காப்பு வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்தேன். மாறுந் தடையியின் உட்புறத்துக்குள் அது போகாமல் தாளால் மறைத்துக்கொண்டேன். குமிழை இணைத்துக் கைப்பிடியைக் குறைத்தபோது, கடைசி ஏழிலொரு பங்குத் திருப்பலில் இழை முற்றாகக் கறுத்தது. இது நடந்தது 2 வாடைகளுக்கு முன்னர். அண்ணர் அதற்குப் பிறகு அதே விடுதியின் மற்ற மூன்று டிம்மர்களையும் கழற்றிக்கொண்டு வந்தார், அவற்றிலும் அதே வெண்படலம்.